அச்சகத்துக்கு ‘எங்களைப் பற்றி’ பக்கம் எழுதுவது எப்படி: பழைய அட்டைப்பெட்டியில் தொடங்கி நான்கு பந்தியில் முடிக்கும் வழி

குடும்பமாக அச்சகம் நடத்துகிறவர்கள் இணையத்தளம் போடும்போது கடைசியில் மிஞ்சுவது ‘எங்களைப் பற்றி’ பக்கம்தான். விலைப்பட்டியல், படங்கள், தொலைபேசி எண் எல்லாம் ஒரு நாளில் ஏறிவிடும். இந்தப் பக்கத்துக்கு வந்ததும் கை நின்றுவிடும். பிறகு வேறொரு அச்சகத்தின் பக்கத்தைப் பார்த்து, “1965ஆம் ஆண்டு முதல் அனுபவமிக்க ஊழியர்களுடனும் நவீன தொழில்நுட்பத்துடனும் தரமான சேவையை நியாயமான விலையில் வழங்கி வருகிறோம்” என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதை வாசிக்கும் பாடசாலை அதிபருக்கோ கல்யாண வீட்டாருக்கோ சரிபார்த்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. அச்சகத்தின் பெயரை மாற்றினால் அதே வாக்கியம் பேக்கரிக்கும் பொருந்தும். கீழே சொல்வது நான்கு சிறு பந்திகளில் முடியும் பக்கத்துக்கான வேலை ஒழுங்கு. எழுதுவது ஆறாவது படியில்தான் வருகிறது. முதல் நாளே கணினி முன் உட்கார்ந்தவர்கள்தான் மேலே உள்ள வாக்கியத்தில் போய் முடிகிறார்கள்.

## 1. முதலில் அட்டைப்பெட்டியைத் திறவுங்கள்

எந்தப் பழைய அச்சகத்திலும் மேல் தட்டில் அல்லது கட்டிங் மெஷினுக்குப் பின்னால் மாதிரிகள் கிடக்கும் பெட்டி ஒன்று இருக்கும். அழைப்பிதழ், பில் புத்தகம், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல், தோட்டத்துச் செக்ரோல் தாள் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அதை மேசையில் கொட்டி, திகதி உள்ளவற்றை ஒரு பக்கமும் திகதி இல்லாதவற்றை மறுபக்கமும் பிரியுங்கள்.

கூடவே மூன்று பொருட்கள் வேண்டும். வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ் ஒன்று. கடந்த ஒரு வருடத்தின் வேலைப் புத்தகம், அதாவது யார் என்ன ஓடர் கொடுத்தார் என்று எழுதும் கொப்பி, இரண்டாவது. பழைய நாட்களைப் பார்த்த ஒரு பெரியவர் மூன்றாவது. அவர் தாத்தாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. இருபது வருடம் பைண்டிங் செய்த அக்காவுக்கு முதலாளியைவிட அதிகம் தெரிந்திருக்கும்.

இவற்றை முன்கூட்டியே சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுதிய பிறகு ஆதாரம் தேடினால், எழுதியதைக் காப்பாற்றும் ஆதாரத்தை மட்டுமே கண் தேடும்.

## 2. வாசிக்கப் போவது யார் என்று வேலைப் புத்தகத்தைக் கேளுங்கள்

“எல்லோருக்கும் எழுதுகிறோம்” என்பார்கள். வேலைப் புத்தகத்தைப் புரட்டினால் அப்படி இருக்காது. ஓடர்களை வகை பிரித்துக் கோடு போட்டு எண்ணுங்கள்: பாடசாலை, தோட்டக் காரியாலயம், கோயில், கல்யாண வீடு, கடை பில் புத்தகம், தேயிலைப் பொதி லேபல். எண்ணிக்கையில் முன்னுக்கு நிற்கும் இரண்டை எடுங்கள். பக்கம் அந்த இரண்டு பேருக்குத்தான்.

இனி அந்த இருவருக்கும் என்ன பயம் என்று எழுதுங்கள். பாடசாலைக்காரருக்கு வினாத்தாள் வெளியே போய்விடுமோ என்பதே பெரிய பயம். கல்யாண வீட்டாருக்குப் பெயரில் எழுத்துப் பிழை வருமோ, அழைப்பிதழ் நேரத்துக்கு வருமோ என்ற இரண்டு பயம். தோட்டத்துக் கிளாக்கருக்கு மாத முடிவில் புத்தகம் கைக்கு வர வேண்டும், தொடர் இலக்கம் விட்டுப்போகக் கூடாது. கடைக்காரருக்கும் அப்படித்தான், இலக்கம் தவறிய பில் புத்தகம் கணக்கில் சண்டை கொண்டுவரும்.

நம்பிக்கை தரும் வாக்கியம் என்பது இந்தப் பயங்களில் ஒன்றுக்கு நேராகப் பதில் சொல்லும் வாக்கியம். வினாத்தாளைப் பற்றிப் பயப்படுகிறவருக்கு உங்கள் மெஷின் ஜேர்மனியில் செய்தது என்ற செய்தி ஒன்றும் செய்யாது.

## 3. தொடங்கிய ஆண்டைப் பிடியுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாதிரிக்கு ஹட்டனில் ஒரு அச்சகம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எல்லோரும் சொல்வது 1965. பதிவுச் சான்றிதழில் இருப்பது 1974. அட்டைப்பெட்டியில் கிடைத்த மிகப் பழைய தாள் 1971 ஆவணி மாதத்துக் கல்யாண அழைப்பிதழ். அதன் அடியில் அச்சகத்தின் பெயர் சிறிய எழுத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் எதைப் போடுவது?

மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில். தாத்தா வேறொருவரின் அச்சகத்தில் அச்சுக்கோக்கப் போன ஆண்டு 1965 ஆக இருக்கலாம். சான்றிதழ் சொல்வது பதிவு செய்த ஆண்டை மட்டுமே. கடை அதற்கு முன்பே ஓடியிருக்கலாம். அழைப்பிதழ் சொல்வது, அந்த ஆண்டில் இந்தப் பெயரில் வேலை நடந்தது என்பதை. காட்டக்கூடியது அதுதான். ஆகவே “1965 முதல்” என்பதை விட்டுவிட்டு இப்படி எழுதலாம்: “1971இல் நாங்கள் அச்சடித்த கல்யாண அழைப்பிதழ் ஒன்று இன்றும் எங்கள் கடையில் இருக்கிறது.” ஆறு வருடம் குறைந்துவிட்டதே என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். ஆனால் வாசிப்பவருக்கு 1965க்கும் 1971க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. போய்ப் பார்க்கலாம் என்பதற்கும் பார்க்க முடியாது என்பதற்கும்தான் வித்தியாசம்.

ஆண்டைக் காட்டும் தாள்களைத் தேடும்போது கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் நல்ல சாட்சிகள், ஏனென்றால் திகதி உள்ளேயே இருக்கும். தேர்தல் துண்டுப்பிரசுரம் கிடைத்தால் இன்னும் நல்லது. தேர்தல் பிரசுரங்களில் அச்சிட்டவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். எந்தத் தேர்தல் என்பது வாசகத்திலேயே தெரிந்துவிடும். 1977 பொதுத் தேர்தலில் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதிக்கு அடித்த ஒரு நோட்டீஸ் உங்கள் முகவரியோடு இருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் கட்சிப் பெயர் தெரியும்படி அதைப் படம் பிடித்துப் பக்கத்தில் போடாதீர்கள். பாதி வாடிக்கையாளருக்கு அது பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. பழைய வடிவத்து ‘ணை’, ‘லை’ எழுத்துகள் இருக்கின்றன என்பதை வைத்து மட்டும் ஆண்டு சொல்லாதீர்கள். எழுத்துச் சீர்திருத்தம் வந்தாலும் ஈய எழுத்தை யாரும் உடனே தூக்கி எறிவதில்லை. தேயும்வரை அதே எழுத்துத்தான் ஓடும்.

## 4. பெரியவரிடம் பொருளைப் பற்றிக் கேளுங்கள்

“எப்படித் தொடங்கினீங்க ஐயா?” என்று கேட்டால், “ரொம்பக் கஷ்டப்பட்டோம்” என்ற பதில்தான் வரும். உண்மைதான், ஆனால் எழுத உதவாது. கையால் தொட்ட பொருளைப் பற்றிக் கேளுங்கள். முதல் டிரெடில் மெஷினை யாரிடம் வாங்கினீர்கள்? லொறியிலா ரயிலிலா ஏற்றினீர்கள்? மின்சாரம் இருந்ததா, காலால் மிதித்தீர்களா? தமிழ் ஈய எழுத்து எங்கிருந்து வந்தது? சிங்கள வேலை வந்தால் யார் கோத்தது? புரூப் யார் பார்த்தது?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அச்சுக்கோப்பவர் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறித்தான் படிப்பார். பிழை கண்டுபிடிக்க வேறொரு கண் தேவை. குடும்ப அச்சகத்தில் அந்தக் கண் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது. கதையில் அவர் பெயர் வருவதில்லை. ஆனால் வாடிக்கையாளரின் பிழை பயத்துக்கு நேரான பதில் அவர்தான்.

சொன்னதைத் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர் வாயில் வரும் சொல்லை அப்படியே எடுக்கலாம். “காலால் மிதிச்சு ஆயிரம் அடிச்சா ராத்திரி நடக்க ஏலாது” என்று அவர் சொன்னால், அதைச் செந்தமிழாக்கிக் கெடுக்காதீர்கள்.

## 5. ஒரே ஒரு திருப்பத்தை வையுங்கள்

கேட்டு முடித்ததும் கையில் நாவலுக்குப் போதுமான கதை இருக்கும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு தம்பி குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. 1983 ஜூலையில் கடை எரிந்தது. ஈய எழுத்திலிருந்து ஓஃப்செட்டுக்கு மாறியது. 2022இல் கடதாசி கிடைக்காமல் திண்டாடியது. எல்லாவற்றையும் போட மனம் இழுக்கும். போட்டால் எதுவும் நிற்காது.

தேர்வுக்கு ஒரே அளவுகோல்: இன்று நீங்கள் வேலை செய்யும் முறையில் எதையாவது அந்தச் சம்பவம் உண்டாக்கியதா? 2022இல் கடதாசி விலை நாளுக்கு நாள் ஏறியபோது, பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட வேலையில் நட்டப்பட்டு, அன்று முதல் விலைக்கூற்றில் “ஏழு நாட்களுக்குச் செல்லும்” என்று எழுதத் தொடங்கியிருந்தால், அது நல்ல திருப்பம். வாடிக்கையாளர் தன் கையில் உள்ள விலைக்கூற்றில் அந்த வரியைப் பார்க்கலாம். ஓஃப்செட் வாங்கியது மட்டும் என்றால் அது திருப்பமில்லை. எல்லா அச்சகமும்தான் வாங்கியது.

1983 பற்றிப் பலர் கேட்கிறார்கள். எழுதலாமா? நடந்தது நடந்ததுதான், எழுதலாம். ஆனால் ஒரு வாக்கியம் போதும்: எந்த மாதம் கடை எரிந்தது, எப்போது, எந்த மெஷினோடு மீண்டும் திறந்தீர்கள். யார் செய்தார்கள் என்ற விவரமும் வேதனையை விளக்கும் சொற்களும் இந்தப் பக்கத்தில் வேண்டாம். திறந்த திகதியே வேண்டியதைச் சொல்லிவிடும். தவிர, உங்கள் சிங்கள வாடிக்கையாளரும் இதை வாசிப்பார். அவரும் உங்களை நம்பித்தான் வருகிறார்.

## 6. இப்போது நான்கு பந்திகளை எழுதுங்கள்

ஒவ்வொரு பந்திக்கும் ஒரு வேலை உண்டு. முதல் பந்தி யார், எங்கே, யாருக்காக என்ன செய்கிறீர்கள் என்று சொல்லும். இரண்டாவது கதை. மூன்றாவது வேலை செய்யும் முறை. நான்காவது எல்லை: எதைச் செய்வதில்லை, எப்படி வந்து பார்க்கலாம்.

கதையை முதலில் வைக்காததற்குக் காரணம், வருகிறவர் கதை தேடி வருவதில்லை. தன் வேலையை இவர்கள் செய்வார்களா என்று பார்க்கத்தான் வருகிறார். ஆம் என்று தெரிந்த பிறகுதான் கதைக்குக் காது கொடுப்பார்.

மேலே சொன்ன ஹட்டன் மாதிரிக்கே எழுதிப் பார்ப்போம். அதிக வேலை பாடசாலைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

> ஹட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே உள்ள வீதியில் எங்கள் அச்சகம் இருக்கிறது. நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியாப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு வினாத்தாளும், கல்யாண வீடுகளுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் அழைப்பிதழும் அச்சடிக்கிறோம்.
>
> தாத்தா காலால் மிதிக்கும் டிரெடில் மெஷினில் தொடங்கினார். 1971இல் அவர் அடித்த கல்யாண அழைப்பிதழ் ஒன்று இன்றும் கடையில் இருக்கிறது. அவர் கோத்ததைப் பாட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகே மெஷின் ஓடும். இன்று கணினியில் கோக்கிறோம். புரூப் பார்ப்பது அம்மா. அவர் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் இல்லாமல் எதுவும் மெஷினுக்குப் போவதில்லை.
>
> வினாத்தாள் வேலையைக் குடும்பத்தவர் மட்டுமே செய்கிறோம். கழிவுத் தாள்களை அன்றே வெட்டி அழிக்கிறோம். பிளேட்டை உங்களிடமே கொடுக்கிறோம். மழைக் காலத்தில் மை காய அதிக நேரம் எடுப்பதால், வைகாசி முதல் புரட்டாதி வரை அழைப்பிதழுக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கேட்போம். சொன்ன நாளில் தருவோம்.
>
> பெரிய அளவு பெனர் எங்களிடம் இல்லை. கடையில் பழைய மாதிரிகளைப் பார்க்கலாம். ஞாயிறு காலையும் திறந்திருக்கும்.

சுமார் நூறு சொற்கள்தான். இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

“அனுபவம்”, “தரம்”, “நம்பிக்கை” என்ற சொற்கள் ஒரு தடவைகூட வரவில்லை. பாட்டியும் அம்மாவும் வந்தது பாசத்துக்காக அல்ல. பிழை பார்ப்பது இரண்டு தலைமுறையாக யார் வேலை என்பதைச் சொல்ல.

மழைக் காலத்து வரியைப் பார்த்ததும் முதலாளிமார் பயப்படுவார்கள்: “தாமதம் என்று நாமே சொல்வதா?” சொல்லுங்கள். ஈரப்பதம் கூடினால் ஓஃப்செட் மை காய நேரமெடுக்கும், கடதாசியும் ஈரத்தை இழுத்து விரியும், இரண்டாம் நிறம் முதல் நிறத்தின் மேல் சரியாக உட்காராது. தென்மேல் பருவக்காற்று அடிக்கும் ஹட்டன், வட்டவளைப் பக்கத்து அச்சுக்காரர் எல்லோருக்கும் இது தெரியும். வாடிக்கையாளரிடம் முன்கூட்டிச் சொல்கிறவர்கள்தான் குறைவு. காரணத்தோடு இரண்டு நாள் கேட்பவரை, “நாளைக்கே தருகிறோம்” என்பவரைவிட ஆட்கள் நம்புவார்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் மழைக் காலம் வேறு. உங்கள் ஊர் மாதங்களைப் போடுங்கள்.

“எங்களிடம் இல்லை” என்ற வரியும் அதே வேலையைச் செய்கிறது. செய்யாததை ஒப்புக்கொள்பவர் செய்கிறேன் என்பதையும் செய்வார் என்று தோன்றும். வீண் தொலைபேசி அழைப்புகளும் குறையும்.

முக்கியமான விதி: மூன்றாம் பந்தியில் உண்மையில் செய்வதை மட்டும் எழுதுங்கள். கழிவுத் தாளை இதுவரை சாக்கில் கட்டிக் கடைக்காரருக்குக் கொடுத்துவந்திருந்தால், முதலில் அதை நிறுத்துங்கள். ஒரு தவணை வெட்டி அழித்துப் பழகுங்கள். பிறகு எழுதுங்கள். உங்கள் வினாத்தாளில் சுற்றிய வடையை ஒரு பிள்ளை வாங்கினால் பக்கம் முழுவதும் வீண்.

## 7. எழுத்துருவைச் சரிபாருங்கள்

அச்சகக்காரர்களுக்கே உரிய பிழை இது. கடையில் பல வருடமாக பாமினியில் தட்டச்சு செய்து பழகியிருப்பீர்கள். அந்தக் கோப்பிலிருந்து நகலெடுத்து இணையத்தளத்தில் ஒட்டினால், உங்கள் கணினியில் பாமினி இருப்பதால் சரியாகத் தெரியக்கூடும். வாடிக்கையாளரின் தொலைபேசியில் ‘அச்சகம்’ என்பது இப்படித் தெரியும்:

```
mr;rfk;
```

கூகுள் தேடலிலும் அது தமிழாக அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள். மாற்றியதும் ‘ஸ்ரீ’, ‘ஷ’, மேற்கோள் குறி, இலக்கங்களை ஒருமுறை கண்ணால் பாருங்கள். மாற்றும் கருவிகள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். கடையில் உள்ளவரின் தொலைபேசி போதாது, வெளியாள் ஒருவரின் தொலைபேசியில் திறந்து பார்க்க வேண்டும்.

சிங்களப் பக்கம் வேண்டுமானால் தமிழை வரிக்கு வரி மாற்றாதீர்கள். நான்கு பந்திகளின் விஷயத்தைச் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரிடம் வாயால் சொல்லி, அவரையே எழுதச் சொல்லுங்கள். பிழை பார்ப்பதாகச் சொல்லும் அச்சகத்தின் சொந்தப் பக்கத்தில் பிழை இருந்தால் அதற்கு மருந்து இல்லை.

## 8. படம் இரண்டு போதும்

ஒன்று அந்த 1971 அழைப்பிதழ், அடியில் உள்ள அச்சகப் பெயர் தெரியும்படி. மணமக்கள் பெயரை மறைத்துவிடுங்கள். அவர்கள் குடும்பத்தின் சம்மதம் இருந்தால் மட்டும் காட்டலாம். மற்றது இன்று வேலை நடக்கும் மேசை, ஆளோடு. இணையத்தில் எடுத்த புத்தம்புது மெஷின் படத்தைப் போட்டால், கடைக்கு வந்ததும் குட்டு வெளிப்படும். வினாத்தாள் வேலை செய்பவர்கள் மேசையில் என்ன கிடக்கிறது என்று பார்த்துவிட்டுப் படம் எடுங்கள்.

## 9. வெளியிடுமுன் மூன்று சோதனை

முதலாவது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் “எதைக் காட்டுவேன்?” என்று எழுதுங்கள். தாள், பொருள், ஆள், பழக்கம் இவற்றில் ஒன்று பதிலாக வர வேண்டும். வராத வாக்கியத்தை வெட்டுங்கள்.

இரண்டாவது, “50 ஆண்டுகளாக”, “மூன்று வருட அனுபவம்” போன்ற கணக்குகளைத் தேடி எடுத்துவிடுங்கள். அடுத்த தையில் அவை பழசாகிவிடும், திருத்த யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆண்டை எழுதினால் கணக்கை வாசிப்பவர் போட்டுக்கொள்வார்.

மூன்றாவது, உங்கள் குடும்பத்தைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்ததும் வாங்கி வைத்துவிட்டு, “இவங்க என்ன செய்யிறாங்க, என்ன செய்ய மாட்டாங்க?” என்று கேளுங்கள். வினாத்தாள், அழைப்பிதழ், பெனர் இல்லை என்ற மூன்றும் வந்தால் ஏற்றலாம். “நல்ல அச்சகம்னு போட்டிருக்கு” என்று மட்டும் சொன்னால் மூன்றாம் பந்திக்குத் திரும்புங்கள். அநேகமாக அங்கே எதையோ பொதுப்படையாக எழுதியிருப்பீர்கள்.

ஏற்றிய பிறகு நான்கு பந்தியையும் அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். புதிதாகச் சேரும் பையன் தொலைபேசி எடுக்கும்போது, மழைக் காலத்தில் “நாளைக்கே வாங்க” என்று சொல்லிவிடாமல் இருக்க அது உதவும்.